வழிகாட்டியுடன் அருங்காட்சியகம் பார்வையிட அனுமதி வேண்டுதல்

அனுப்புநர்
இரா. கலைச்செல்வி,
சமூக அறிவியல் ஆசிரியர்,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
மேட்டுப்புதூர், திருவாலங்காடு ஒன்றியம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
இயக்குநர்,
அரசு அருங்காட்சியகம்,
பாந்தியன் சாலை, எழும்பூர், சென்னை – 600008.

நாள்: 05.01.2026

பொருள்: 28.01.2026 புதன்கிழமை மாணவர்கள் பார்வையிட வழிகாட்டி வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பள்ளியின் 6, 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 46 பேர் (பெண்கள் 24, ஆண்கள் 22) தங்கள் அருங்காட்சியகத்தைக் காண வர இருக்கிறார்கள். உடன் ஆசிரியர்கள் நால்வரும், பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து தாய்மார் இருவரும் வருகிறோம். அன்று தங்களுக்கு இயலாது எனில் பிப்ரவரி 4, புதன்கிழமையும் எங்களுக்கு ஏற்றதே.

எல்லாக் கூடங்களையும் ஒரே நாளில் ஓடிப் பார்ப்பதைவிட இரண்டை மட்டும் நின்று பார்க்க விரும்புகிறோம். முதலாவது படிமக்கூடம். அங்குள்ள சோழர் கால நடராசர் எங்கள் திருவாலங்காட்டிலிருந்து வந்தவர். ஊர்க்கோயில் இரத்தின சபையில் காலை உயரத் தூக்கி ஆடும் ஊர்த்துவ தாண்டவத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், இந்த நடராசர் ஏன் வேறு மாதிரி ஆடுகிறார் என்று கட்டாயம் கேட்பார்கள். வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் நல்லது. மெழுகில் உருவம் செய்து களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடிப்பது வரை வகுப்பில் செய்து காட்டிவிட்டோம். உலோகம் ஊற்றுவதையும், ஆறியபின் அச்சை உடைப்பதையும் சிலையின் முன்னாலேயே விளக்கினால் போதும்.

இரண்டாவது, கற்காலக் கருவிகள். 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபுட் கைக்கோடரிகளைக் கண்டெடுத்த அத்திரம்பாக்கம் எங்கள் மாவட்டத்திலேயே உள்ளது. கையில் பிடித்துப் பார்க்க மாதிரிக் கருவி ஒன்று இருந்தால் தர வேண்டுகிறேன். கண்ணாடிக்குள் இருக்கும்போது பிள்ளைகளுக்கு அது வெறும் கல்தான்.

46 பேரும் ஒரே கூட்டமாக நின்றால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது. எனவே 23 பேராக இரு குழுக்கள், கூடத்துக்கு 40 நிமிடம், பிறகு இடம் மாறுதல் என அமைக்க இரு வழிகாட்டிகள் தேவை. ஒருவர்தான் கிடைப்பார் எனில் ஒரு குழுவை நானே காத்திருக்க வைத்து, குறிப்பேட்டில் வரையச் சொல்கிறேன். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் ஏழு பேர் இருப்பதால் எளிய தமிழில், சற்று நிதானமாகப் பேசினால் உதவியாக இருக்கும்.

காலை 7 மணிக்குப் பேருந்தில் கிளம்பி 10 மணிக்கு வந்து சேருவோம். பூந்தமல்லி நெரிசலில் தாமதமானால் கற்காலக் கூடத்தின் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். படிமக்கூடத்தின் நேரத்தைக் குறைக்க வேண்டாம். ஒரு மாணவி சக்கர நாற்காலியில் வருகிறார். சாய்தளம் உள்ள வாசல் எது, பேருந்தை எங்கே நிறுத்துவது, மதியம் கட்டுச்சோறு உண்ண நிழலான இடம், குடிநீர், மாணவியர் கழிப்பறை, பள்ளிகளுக்கான கட்டணச் சலுகை ஆகிய விவரங்களை ஜனவரி 19க்குள் தெரிவித்தால் பெற்றோருக்குச் சொல்ல வசதியாக இருக்கும்.

மாணவர்கள் கைப்பேசி கொண்டுவர மாட்டார்கள். படம் எடுக்க அனுமதி உண்டெனில் பள்ளிக் கேமரா ஒன்று மட்டும் வரும்.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
இரா. கலைச்செல்வி

இணைப்பு: மாணவர் பெயர்ப்பட்டியல், தலைமை ஆசிரியர் பரிந்துரை, வட்டாரக் கல்வி அலுவலர் அனுமதிக் கடித நகல்.