வகுப்பறை ஏற்பாடுகளுக்கான உளவியல் மதிப்பீட்டுச் சுருக்கம்

பெறுநர்: தலைமையாசிரியர் மற்றும் 7-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு ஆசிரியர்கள்
மாணவன்: சேர்க்கை எண் 2147, வயது 12, தமிழ் வழி
மதிப்பீடு நடந்த நாட்கள்: 12.07.2025, 19.07.2025, வகுப்பறையில் கவனித்தது: 22.07.2025
அறிக்கை நாள்: 28.07.2025

இந்தத் தாள் பல ஆசிரியர்களின் கைக்குப் போகும் என்பதால் பெயர் போடவில்லை. முழு அறிக்கை பெற்றோரிடம் இருக்கிறது. பள்ளிக்குத் தேவையானதை மட்டும் அவர்களின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு இங்கே தருகிறேன். நுண்ணறிவு ஈவு எண்ணைச் சேர்க்காததற்குக் காரணம் உண்டு: எண்ணைப் பார்த்துவிட்டால் பேச்செல்லாம் அதைச் சுற்றியே போகும். மாணவனின் அறிவுத்திறன் வயதுக்கேற்ற அளவில் உள்ளது என்பது தெரிந்தால் போதும். கண், காது பரிசோதனைகளிலும் குறை ஏதும் இல்லை.

மாணவனுக்கு இருப்பது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பிலும் எழுத்திலும் வரும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு. வாசிப்பு இப்போது ஏறக்குறைய 3-ஆம் வகுப்பு நிலையில் நிற்கிறது.

கண்மாய் பற்றிய ஒரு பத்தியை அவனையே வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தான். ‘விவசாயம்’ ‘விசயம்’ ஆனது. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் மாறி மாறி வந்தன. முடித்ததும் கேட்ட 10 கேள்விகளில் 3-க்குத்தான் பதில் சொல்ல முடிந்தது. அதே அளவு கடினமான இன்னொரு பத்தியை நான் வாசித்துக் காட்டியபோது 9 கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னான். கலுங்கை அடைத்தால் தண்ணீர் போக வழியில்லாமல் கரை உடைந்துவிடும் என்று, பத்தியில் இல்லாததையும் தானே விளக்கினான். கணக்கிலும் இதே கதைதான். அவனே வாசித்துப் போட்ட 8 வாழ்க்கைக் கணக்குகளில் 2 சரி. வாசித்துக் காட்டிய 8-ல் 7 சரி.

சொல்வதெழுதுதலில் ஒற்றெழுத்துகள் பெரும்பாலும் விடுபடுகின்றன (‘பள்ளிக்கூடம்’ ‘பளிகூடம்’ ஆகிறது). ர–ற, ந–ன–ண குழப்பமும் நிறைய இருக்கிறது. ஆங்கில வாசிப்பில் சிரமம் இதைவிட அதிகம்.

பழைய மதிப்பெண் அட்டைகளில் ‘படிப்பில் அக்கறையில்லை’ என்ற குறிப்பு திரும்பத் திரும்ப இருக்கிறது. நான் கவனித்த தமிழ் வகுப்பில், வாசிக்கும் முறை நெருங்க நெருங்க அவன் தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டான். தமிழ் வகுப்பு இருக்கும் நாட்களில் காலையில் வயிற்றுவலி என்கிறான் என்று அம்மா சொல்கிறார். இது அக்கறையின்மை அல்ல, பயம். அந்தக் குறிப்பு இனி அட்டையில் வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பள்ளியிடம் கேட்பது

எல்லாவற்றிலும் முக்கியமானது, தேர்வில் வினாத்தாளை யாராவது ஒருவர் அவனுக்கு வாசித்துக் காட்டுவது. வாசித்தால் போதும், விளக்க வேண்டாம். மேலே சொன்ன 3-க்கும் 9-க்கும் இடையிலான வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. தமிழ், ஆங்கில வாசிப்புத் திறனைச் சோதிக்கும் பகுதிக்கு மட்டும் இது பொருந்தாது. கூடவே ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மற்ற மாணவர்கள் எழுந்து போகும்போது அவன் கவனம் சிதறும். தனி அறை இருந்தால் நல்லது. அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க வேண்டாம். நெடுவினாவுக்கு அரைகுறையாக எழுதியிருந்தால், வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடலாம். கையெழுத்து தெளிவாக இருப்பதால் சொல்வதை எழுதித்தரும் உதவியாளர் இப்போதைக்குத் தேவையில்லை.

வகுப்பில் முன்னறிவிப்பின்றி சத்தமாக வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்க வைத்தே ஆகவேண்டுமென்றால் நான்கைந்து வரிகளை முதல் நாளே குறித்துக் கொடுங்கள், வீட்டில் அக்காவோடு பழகிக்கொண்டு வருவான். கரும்பலகையைப் பார்த்து எழுதி முடிப்பதற்குள் பாடம் கடந்து போய்விடுகிறது, அதனால் குறிப்பை நகலெடுத்துக் கொடுங்கள். பிழையான சொல்லை 10 முறை எழுதச் சொல்வது இவனுக்குப் பயன்படாது, பிழையும் சேர்ந்தே பதியும்.

இவை சலுகைகள் அல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் உள்ளடக்கியது. பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் தகுந்த மாற்றம் செய்வதையும், கூடுதல் நேரம் தருவதையும் அதே சட்டம் அரசு, உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பில் வைக்கிறது. ஆனால் இந்தச் சுருக்கம் அரசுச் சான்றிதழுக்கு மாற்று ஆகாது. 10-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். அதற்கு இப்போதே விண்ணப்பிக்குமாறு பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களின் நகல்களைப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். எது உதவியது, எது உதவவில்லை என்று பார்த்து அக்டோபரில் இந்த ஏற்பாடுகளைத் திருத்தித் தருகிறேன். அதற்கு முன்பே சந்தேகம் வந்தால் வகுப்பாசிரியர் என்னை நேரடியாக அழைக்கலாம். எண் பெற்றோரிடம் இருக்கிறது.

மருத்துவ உளவியலாளர், மதுரை