பொது அதிகாரப் பத்திரம் ரத்து: அறிவிப்புக் கடிதம்

ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில்

மேற்கு மாம்பலம், சென்னை 600033
21-01-2025

அனுப்புநர்: ச. முரளிதரன், த/பெ (மறைந்த) கோ. சம்பந்தம், தற்போது சிங்கப்பூரில் வேலை
பெறுநர்: திரு. கோ. தணிகாசலம், நெல்லிமேடு கிராமம், உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். சித்தியும் தம்பிகளும் சுகமென நம்புகிறேன். போனில் பேசினால் வார்த்தை தடிக்கும் என்று அம்மா சொன்னதால் எழுத்தாகவே அனுப்புகிறேன். எப்படியும் இந்த விஷயம் எழுத்தில் இருந்தாக வேண்டியதுதான்.

நெல்லிமேடு கிராமம் சர்வே எண் 112/3ல் உள்ள 1 ஏக்கர் 62 சென்ட் நஞ்சை, தாத்தா எனக்கு எழுதிக் கொடுத்த செட்டில்மெண்ட் மூலம் எனக்குச் சொந்தமானது. அதைப் பார்த்துக்கொள்ள 2019 ஜூன் மாதம் லீவில் வந்தபோது, உத்திரமேரூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண் 412/2019 ஆகப் பதிவு செய்து உங்களுக்குப் பொது அதிகாரம் கொடுத்தேன். பவர் கொடுத்ததற்காக உங்களிடம் நான் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. நிலத்தில் உங்களுக்குத் தனிப் பாத்தியதை எதுவும் அதில் எழுதப்படவும் இல்லை.

அந்த அதிகாரத்தை முழுமையாக ரத்து செய்துவிட்டேன். நேற்று (20-01-2025) அதே அலுவலகத்துக்கு நானே நேரில் போய், ரத்து ஆவணத்தை எண் 96/2025 ஆகப் பதிவு செய்தேன். நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201, 208 ஆகியவற்றின்படி, இந்தக் கடிதம் கைக்குக் கிடைத்த நேரத்திலிருந்து எனக்காக விற்கவோ, கிரய ஒப்பந்தம் போடவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, பணம் வாங்கவோ, எந்த அலுவலகத்திலும் கையெழுத்துப் போடவோ உங்களுக்கு அதிகாரம் கிடையாது. மீறி எதையாவது செய்தால் அது என்னைக் கட்டுப்படுத்தாது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஊரில் வேறு மாதிரி பேச்சு கிளம்பக் கூடாது பாருங்கள். நவம்பரில் என் உயிர்ச் சான்றை அனுப்பச் சொல்லி, பேங்கில் கேட்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். அந்த ஊர் பேங்கில் எனக்குக் கணக்கே இல்லையே, சித்தப்பா. பவர் வைத்திருப்பவர் நிலத்தைக் கிரயம் செய்யப் போகும்போதுதான், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றைச் சார்பதிவாளர் கேட்பார். பொங்கலுக்கு வந்து வயலில் நின்று பார்த்தேன். பம்புசெட் கொட்டகையை ஒட்டிய வேப்பமரத்தடியில் தொடங்கி வரப்பு நெடுக, தலையில் சிவப்பு பெயின்ட் அடித்த புதுக் கற்கள். ஒரு கல்லின் அடியில் ஈர மண்கூட காயவில்லை. புரோக்கர் ஆள் வைத்து அளந்துவிட்டுப் போனதாகக் குத்தகைதாரர் ஏழுமலையே சொன்னார். விற்கப் போகிறேன் என்று ஒரு வார்த்தை நான் யாரிடமும் சொன்னதில்லை.

எனவே கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அசல் பவர் பத்திரம், தாத்தாவின் செட்டில்மெண்ட் அசல், பட்டா நகல், கிஸ்து ரசீதுகள், மோட்டார் கொட்டகைச் சாவி எல்லாவற்றையும் அம்மாவிடம் மாம்பலத்தில் ஒப்படைத்து, கைச்சாத்து வாங்கிக்கொள்ளுங்கள். 2019 முதல் வந்த குத்தகை நெல், பணத்துக்கு வரவு செலவுக் கணக்கு எழுதிக் கொடுங்கள். பிரிவு 213ன்படி அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. நீங்கள் கைக்காசு போட்டு கிஸ்து கட்டியிருந்தாலோ மோட்டார் காயில் கட்டியிருந்தாலோ ரசீதோடு எழுதுங்கள், கழித்துக்கொள்ளலாம். அந்தக் காசில் எனக்கு எந்தத் தகராறும் இல்லை.

முக்கியமானது இதுதான்: நிலத்தின் பேரில் யாரிடமாவது அட்வான்ஸ் வாங்கியிருந்தால், யார், எவ்வளவு, என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நானாகத் தெரிந்துகொள்ளும்படி ஆனால் வக்கீல் நோட்டீஸ்தான் அடுத்து வரும்.

இதுவரை பவர் வரம்புக்குள் கிஸ்து கட்டியது, பட்டா மாற்றியது, ஏழுமலைக்குக் குத்தகை விட்டது ஆகியவற்றை ஏற்கிறேன். இனி அவர் குத்தகையை அம்மாவிடம் கொடுப்பார், அவருக்கும் எழுதிவிட்டேன். வேறு யாருக்கும் பவர் கொடுக்கவில்லை. ரத்து பற்றி இந்த வாரம் தினசரியில் பொது அறிவிப்பும் வரும். உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "ரத்து செய்யப்பட்டது" என்பதற்கு மேல் ஒரு சொல் அதில் இருக்காது.

மார்ச்சில் தம்பி கல்யாணத்துக்கு அம்மா வருவார். பத்திரங்களை அதுவரை வைத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அண்ணன் மகன்,
(ஒப்பம்) ச. முரளிதரன்

இணைப்பு: ரத்து ஆவணம் எண் 96/2025, நகல்
நகல்: சார்பதிவாளர், உத்திரமேரூர், கிராம நிர்வாக அலுவலர், நெல்லிமேடு, திரு. ஏழுமலை, குத்தகைதாரர்