அப்பாயிக்கு 80 நிறைவு: கேக்கிலும் சீட்டிலும் அட்டையிலும் எழுத வேண்டியவை

மயிலாடுதுறை, கூறைநாட்டு வீடு. ஆடிப் பதினெட்டு, ஆகஸ்ட் 3.

கேக் கடை அண்ணனுக்கும், பரிசுச் சீட்டு எழுத ஒப்புக்கொண்ட தம்பி தங்கைகளுக்கும் இந்தத் தாள். எல்லா வாசகங்களையும் இறுதி செய்து முழுமையாகக் கொடுத்திருக்கிறேன். இருப்பதை இருப்பதுபோலவே எழுதுங்கள்.

அப்பாயிக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் வாசிக்க வரும். ஆனால் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஏழு மொழி பேசும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பேச்சில் வாழ்த்தட்டும். எழுத்து மட்டும் தமிழாக இருக்கட்டும். ஒவ்வொரு சீட்டையும் அப்பாயி தானே கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படிக்க வேண்டும். பிறர் படித்துச் சொல்லி அவர் கேட்பதாக இருக்கக் கூடாது.

கேக்

ஒன்றரைக் கிலோ, முட்டை சேர்க்காதது, வட்டம். மேலே மூன்றே வரி:

அம்மாவுக்கு
80
ஆடி 18

மகன் வழியில் அப்பாயி, மகள் வழியில் அம்மாயி, தெருவுக்கே அம்மா. ஒன்றை எழுதினால் மற்றொரு வழிப் பிள்ளைகள் முகம் சுருங்கும் என்பதால் அம்மா என்றே வைத்துவிட்டோம். "இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்" கேக்கில் வேண்டாம். க்ரீமில் அவ்வளவு நீளம் எழுதினால் கடைசி எழுத்துகள் ஓரத்தில் நெருங்கிக் குறுகிவிடும். 80 மட்டும் பெரிதாக, நடுவில் இருக்கட்டும். 'ம்' மேல் உள்ள புள்ளி தனியாகத் தெரிய வேண்டும். க்ரீம் இளகும் வெயில் இது, எனவே எழுத்தைக் கடைசியில் போடுங்கள் அண்ணா. பூ, இலை எதுவும் எழுத்தைத் தொட வேண்டாம்.

குழந்தைகள் சப்பரம் இழுத்துவிட்டு வரும்போது வெட்ட இருபது சிறு கேக்குகள் தனியாக. அவற்றில் ஆளுக்கொரு எழுத்தாக எதுவும் வேண்டாம், வெறுமனே இருக்கட்டும்.

பரிசுச் சீட்டுகள்

சீட்டு விரல் நீளம்தான். மூன்று வரிக்கு மேல் போகாது. முதலில் வாழ்த்து, கீழே யார் கொடுத்தது. உறவுப் பெயரை எல்லா மொழியிலும் தமிழிலேயே வைத்திருக்கிறேன், தெலுங்கு ஒன்றைத் தவிர.

நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பெரியப்பா, பெரியம்மா:
*அம்மா ஏற்றினால்தான் இது விளக்கு.
வணங்குகிறோம்.*

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, கொள்ளுப்பேத்தி, டெல்லி. அவள் பள்ளியில் சொல்லும் இந்தி வாழ்த்து:
*ஜன்மதின் முபாரக், கொள்ளுப்பாட்டி!
நான் சொல்வதற்கெல்லாம் இது தலையாட்டும்.*

பிரான்சில் இருக்கும் அத்தையின் பிள்ளைகள், கம்பளிச் சால்வை. அத்தை வாழ்க்கைப்பட்ட காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஊர்; மாமா வீட்டில் அந்த மொழி மூன்று தலைமுறையாகப் புழங்குகிறது.
*பொன் அனிவெர்சேர், அம்மாயி!
குளிருக்கு அல்ல, எங்கள் நினைவுக்கு.*
பாட்டியை அவர்கள் பிரெஞ்சில் அழைப்பது தமிழ் எழுத்தில் "மாமி" என்று விழும். அப்பாயி குழம்பிவிடுவார். அம்மாயி என்றே இருக்கட்டும்.

கோலாலம்பூர்ச் சித்தப்பா பிள்ளைகள், பாத்திக் துணி:
*செலாமாட் ஹாரி லாஹிர், அப்பாயி!
அடுத்த முறை நீங்கள் எங்களிடம்.*
மலாயில் "ஹாரி ஜாடி" என்றும் சொல்வார்கள். அதைத் தமிழில் படித்தால் ஊறுகாய் ஜாடிதான் கண்முன் நிற்கும், எனவே "ஹாரி லாஹிர்".

பெரிய பேரன் மனைவி, ஸ்ரீரங்கப்பட்டணம். அண்ணி கொண்டுவருவது மைசூர் சந்தனம்:
*அப்பாயி, ஹுட்டுஹப்பத சுபாசயகளு.
காவிரி வந்த வழியில்தான் நானும் வந்தேன்.*
எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இதுதான். இரண்டாம் வரி அண்ணியே சொன்னது. ஒரு சொல்லும் மாற்றாதீர்கள்.

விஜயவாடாச் சித்தி, பட்டுப்புடவை:
*அத்தய்யகாரிகி
புட்டினரோஜு சுபாகாங்க்ஷலு*
நீளமான சீட்டு. வரியை "அத்தய்யகாரிகி" என்பதற்குப் பிறகுதான் மடக்க வேண்டும். கடைசிச் சொல்லை நடுவில் பிளக்கக் கூடாது. இடம் போதாவிட்டால் எழுத்தைச் சிறிதாக்குங்கள். மாமியாருக்குக் கொடுப்பது, "காரு" என்ற மரியாதை விடுபடக் கூடாது.

பாலக்காட்டு மாப்பிள்ளையும் அக்காவும், நேந்திரங்காய் வறுவல் டப்பா:
*அம்மாயிக்கு ஜன்மதினாசம்சகள்.
பல்லுக்கு இதமாக மெல்லிசாய் வறுத்தது.*

அப்பாயியோடு ஒரே பெஞ்சில் படித்த நாகூர்ப் பாட்டி. அவர் வீட்டிலும் தமிழ்தான், அதனால் சீட்டும் தமிழ்தான்:
*என் பள்ளித் தோழிக்கு,
நீண்ட ஆயுளுக்குத் துஆவுடன்.*

பெரிய வாழ்த்து அட்டை

இது எல்லோரும் கையெழுத்து இடுவது. முகப்பில்:

*துலாக்கட்டத்தில் நீர் நிறைந்த நாளில் பிறந்தவருக்கு*

உள்ளே:

*அம்மா, அப்பாயி, அம்மாயி,
80 ஆண்டு நிறைவுக்கு எங்கள் வாழ்த்துகள்.
ஆயிரம் பிறைக்கு இன்னும் பத்து மாதம்.
மேட்டூர் திறக்கும் ஜூனில் மீண்டும் கூடுவோம்.
சித்ரான்னம் நீங்களே கிளற வேண்டும்.*

"ஆயிரம் பிறை கண்டவர்" என்று இப்போதே எழுதலாமே என்று மாமா கேட்டார். ஒரு பிறைக்கும் அடுத்த பிறைக்கும் இடையே சராசரி 29.53 நாள். ஆயிரத்துக்கு 29,530 நாள். 80 ஆண்டு என்பது 29,220 நாள்தான். 310 நாள் குறைகிறது. பஞ்சாங்கத்தை நாள்தோறும் பார்க்கும் அப்பாயியிடம் கணக்குத் தவறிய அட்டையைக் கொடுக்க எனக்கு மனமில்லை. மேட்டூரும் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும், எனவே இரண்டும் ஒரே வாரத்தை ஒட்டி வருகின்றன. எல்லோரும் இப்போதே விடுப்பு எழுதி வையுங்கள்.

"வாழ்த்துகள்" என்பதில் நடுவே க் வராது. கையெழுத்து இடுபவர்கள் "வாழ்க வளமுடன்" என்று ஆளாளுக்கு எழுத வேண்டாம். பெயரும் ஊரும் போதும். வேண்டுமானால் ஒரே ஒரு வரி, அது உங்களுக்கும் அப்பாயிக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். சின்னத் தம்பி எழுதியிருப்பது இது, சரியாக அமைந்திருக்கிறது:

*எனக்கு நீச்சல் கற்றுத் தந்த கைக்கு முத்தம்.*

தாம்பூலப் பை

வருபவர்களுக்குக் கொடுக்கும் பையில் அப்பாயி பெயரில் வைக்கும் சீட்டு. நன்றி சொல்வது அவர் என்பதால் அவரே சொல்லி எழுதியது:

*வந்தீர்கள், நிறைந்தது.
வெற்றிலையும் காதோலையும் கருகமணியும் உங்களுக்கு.
ஆற்றங்கரைக்குப் போகும்போது பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.*

கடைசி வரி சீட்டுக்குப் பொருந்துமா என்று தங்கை கேட்டாள். அப்பாயி சொன்னது, அப்படியே போகட்டும். நூற்றைம்பது சீட்டு, மஞ்சள் தாள், சிவப்பு மை.