வீட்டு அலுவலக நெட்வொர்க் படம்: எந்தக் கோடு எதைச் சொல்கிறது, பழுது எங்கே இருக்கலாம்

நீங்கள் தாளில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது மேல் மூலையில் விளக்கொளி பட்டு ஓரிரு எழுத்துகள் மறைந்திருக்கின்றன. மற்றதெல்லாம் படிக்க முடிகிறது. தாளின் அடியில் மூன்று குறைகளை எழுதியிருக்கிறீர்கள்: டெஸ்க்டாப்பில் வீடியோ கால் அவ்வப்போது அரை நிமிடம் அறுந்துபோகிறது, டெஸ்க்டாப்பிலிருந்து நாஸுக்கு, அதாவது நெட்வொர்க்கில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு, ஃபைல் காப்பி ஆவது வினாடிக்கு 11 எம்பியைத் தாண்டுவதில்லை, பிரின்டர் சில நாள் காலையில் காணாமல் போகிறது. "18 மீட்டர் கேபிளை மாற்றிவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இந்த மூன்றில் அதிகபட்சம் ஒன்றுக்குத்தான் அந்தக் கேபிள் காரணமாக இருக்க முடியும். ஏன் என்பது உங்கள் படத்திலேயே இருக்கிறது.

இடமிருந்து வலமாகப் போவோம். சுவரிலிருந்து வரும் மெல்லிய கோடு ஃபைபர். அது முடியும் பெட்டி, "மோடம்" என்று நீங்கள் எழுதியிருப்பது, ஓஎன்டி. ஃபைபர் ஒளியைக் கேபிளில் போகும் சிக்னலாக மாற்றுவது அதுதான். அங்கிருந்து ஒரு மீட்டர் கேபிள் மெயின் ரவுட்டரின் இணையப் பக்கமான வான் போர்ட்டுக்குப் போகிறது. ரவுட்டரின் வீட்டுப் பக்கமான லான் போர்ட்டுகளில் முதலாவதிலிருந்து 18 மீட்டர் கேபிள் கிளம்பி, கதவைத் தாண்டி, வேலை அறையில் இருக்கும் 8 போர்ட் ஸ்விட்சின் முதல் போர்ட்டில் சேருகிறது. ஸ்விட்சில் 2 டெஸ்க்டாப், 3 நாஸ், 4 பிரின்டர், 7 "பழைய ரவுட்டர், வைஃபை 2". 5, 6, 8 காலி. பழைய ரவுட்டரிலிருந்து இன்னொரு கோடு, இது புள்ளிக்கோடு, ஹால் சுவர் சாக்கெட்டுக்குப் போய் மெயின் ரவுட்டரின் மூன்றாவது போர்ட்டில் முடிகிறது. லேப்டாப் மெயின் ரவுட்டரின் வைஃபையில் இருக்கிறது. அதன் பக்கத்தில் "பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். படத்திலேயே மிகவும் உதவுகிற குறிப்பு அதுதான்.

லேப்டாப் நன்றாக ஓடுகிறது என்றால் ஃபைபர், ஓஎன்டி, வான் கேபிள், மெயின் ரவுட்டர் நான்குமே பெரும்பாலும் நலம். டெஸ்க்டாப்பில் கால் அறுந்திருக்கும் அதே நேரத்தில் லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஓடவிட்டு இதை ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவும் நின்றால் மட்டும் ஓஎன்டி பக்கம் போகவேண்டும்: ஃபைபர் சிக்னல் வரவில்லை என்று சொல்லும் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக இருக்கிறதா, ஃபைபர் எங்காவது இறுக்கமாக மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைபர் பிளக்கைக் கழற்றி அதன் முனையைக் கண்ணால் பார்க்காதீர்கள். உள்ளே லேசர் ஒளி இருக்கிறது, அது கண்ணுக்குத் தெரியாது.

இனி நாஸ். டெஸ்க்டாப் போர்ட் 2, நாஸ் போர்ட் 3. இரண்டும் ஒரே ஸ்விட்சில். ஆகவே ஃபைல் டெஸ்க்டாப்பிலிருந்து ஸ்விட்சுக்குப் போய் அங்கிருந்தே நாஸுக்குத் திரும்பிவிடும். 18 மீட்டர் கேபிளை அது தொடுவதே இல்லை. மெயின் ரவுட்டரை அணைத்து வைத்தாலும், இரண்டிலும் ஐபி முகவரி இருக்கும்வரை காப்பி நடக்கும். எனவே இந்த மந்தத்துக்கு நீளக் கேபிளின் மேல் பழிபோட வழியில்லை. குற்றவாளி போர்ட் 2 அல்லது 3, இல்லையென்றால் அவற்றில் செருகிய கேபிள்.

11 எம்பி என்ற எண்ணும் சும்மா வந்ததல்ல. 100 மெகாபிட் இணைப்பில் ஃபைல் காப்பி வினாடிக்கு 11 முதல் 12 மெகாபைட் வரைதான் ஓடும். கிகாபிட்டில் 110ஐ ஒட்டி வரவேண்டும். நாஸ் கோட்டின் பக்கத்தில் "ஆரஞ்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். பல ஸ்விட்சுகளில் ஆரஞ்சு விளக்கு 100 மெகாபிட்டைக் குறிக்கும், உங்களுடையதில் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பது பெட்டியின் மேலேயே அச்சாகியிருக்கும். டெஸ்க்டாப் பக்கம் சரியா என்று பவர்ஷெல்லில் பாருங்கள்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

இங்கே `1 Gbps` வந்தால் டெஸ்க்டாப் தப்பித்தது. மீதி நாஸ் பக்கம்தான்.

கேபிள் ஏன் 100க்கு இறங்குகிறது? 100 மெகாபிட்டுக்கு எட்டு கம்பிகளில் நான்கு போதும்: 1, 2, 3, 6. கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 என்ற நீலம், பிரவுன் ஜோடிகளில் ஒரு கம்பி பிளக்குக்குள் தொடாமல் நின்றாலும் இணைப்பு பெரும்பாலும் அறுந்துபோகாது, சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். நாஸ் கேபிளுக்கு "நாமே கிரிம்ப் செய்தது, 3 மீ" என்று குறித்திருக்கிறீர்கள், எனவே என் முதல் சந்தேகம் அதன் மேல்தான். பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு கம்பிகளின் முனையும் பிளக்கின் முன்சுவரைத் தொட வேண்டும். வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து பிடிப்பில் அமர்ந்திருக்க வேண்டும். நிற வரிசை இரு முனையிலும் ஒன்றே: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். நீலத்துக்கு அடுத்து பச்சை வராது, வெள்ளை-நீலம்தான் வரும். பலர் இடறுவது இந்த இடத்தில்.

சோதனை எளிது. நாஸ் கேபிளை போர்ட் 3லிருந்து 5க்கு மாற்றுங்கள். 5ல் விளக்கு சரியான நிறத்துக்கு வந்தால் போர்ட் 3 பழுது. அங்கும் ஆரஞ்சு தொடர்ந்தால் கடையில் கிடைக்கும் ரெடிமேட் கேட் 5இ அல்லது கேட் 6 கேபிளைச் செருகுங்கள். அதிலும் மாறவில்லை என்றால் நாஸின் செட்டிங்கில் இணைப்பு வேகம் 100 என்று பூட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது ஆட்டோவில் இருக்க வேண்டும்.

அடுத்தது பழைய ரவுட்டர். படத்தை முதலில் பார்த்ததும் என் கண் நின்றது இங்கேதான். மெயின் ரவுட்டரின் கீழே 192.168.1.1 என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய ரவுட்டரின் கீழேயும் அதே 192.168.1.1. அந்தப் பழைய ரவுட்டரில் கேபிள் செருகியிருக்கும் போர்ட்டின் எண் 4, அதாவது வான் அல்ல, லான். இரண்டும் உண்மையென்றால் ஒரே நெட்வொர்க்கில் ஒரே முகவரியோடு இரண்டு கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசல், நிற்கின்றன. இரண்டுமே டிஹெச்சிபி மூலம் மற்ற கருவிகளுக்குத் தானாக ஐபி முகவரி வழங்கவும் கூடும். கால் அறுவதும் பிரின்டர் மறைவதும் இந்த ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

நடப்பது இதுதான். இணையத்துக்குப் போக டெஸ்க்டாப் "192.168.1.1 யார்?" என்று கேட்டு, பதில் சொன்ன பெட்டியின் மேக் முகவரியை, அதாவது அதன் வன்பொருள் எண்ணை, நினைவில் வைத்துக்கொள்கிறது. மெயின் ரவுட்டர் பதில் சொன்னால் எல்லாம் ஓடும். பழைய ரவுட்டரின் பதில் பதிந்துவிட்டால், வெளியே போக வழியில்லாத பெட்டிக்கு டேட்டா போய்ச் சாகும். சற்று நேரத்தில் பதிவு மாறினால் கால் தானாக உயிர் பெறும். பிரின்டர் கதை வேறு மாதிரி: இரவு அணைத்துக் காலையில் போடும்போது எந்த ரவுட்டர் முதலில் பதில் சொல்கிறதோ அது கொடுக்கும் முகவரியை எடுத்துக்கொள்கிறது. கணினியோ நேற்றைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. கால் அறுந்ததும் `ping 192.168.1.1` அடித்துப் பார்த்தால் அழகாகப் பதில் வரும், பதில் சொல்வது பழைய ரவுட்டராக இருந்தாலும். `ipconfig /all` காட்டும் டிஹெச்சிபி சர்வர் முகவரியும் இரண்டு ரவுட்டருக்கும் ஒன்றே. எனவே இந்த இரண்டையும் நம்ப வேண்டாம். நம்ப வேண்டியது மேக் முகவரியை:

```
arp -a 192.168.1.1
```

எல்லாம் நன்றாக ஓடும்போது ஒருமுறை இதை அடித்து, வரும் எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். கால் அறுந்த நொடியில் மறுபடி அடியுங்கள். எண் மாறியிருந்தால் கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் மேக்கோடு ஒப்பிடும்போது கடைசி எழுத்து ஒன்றிரண்டு வேறுபடலாம். வான், லான், வைஃபை ஒவ்வொன்றுக்கும் அடுத்தடுத்த எண் இருப்பது வழக்கம்.

சரி செய்வதற்கு, பழைய ரவுட்டரை ஸ்விட்சிலிருந்து கழற்றி, ஒரு கணினியை மட்டும் கேபிளால் நேராக அதோடு இணையுங்கள். அதன் அட்மின் பக்கத்தில் முதலில் லான் முகவரியை 192.168.1.2 ஆக்குங்கள். சேமித்ததும் பக்கம் துண்டிக்கும், பயப்பட வேண்டாம், புதிய முகவரியில் திரும்ப நுழையலாம். பிறகு டிஹெச்சிபியை அணையுங்கள். வரிசையை மாற்றி டிஹெச்சிபியை முதலில் அணைத்தால், கணினிக்கு முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் எண் வந்து நிற்கலாம். அப்போது கையால் முகவரி போட வேண்டிவரும். முடிந்ததும் கேபிளை மீண்டும் லான் போர்ட்டிலேயே செருகுங்கள், வானில் வேண்டாம். மெயின் ரவுட்டரின் டிஹெச்சிபி 100 முதல் 200 வரை என்று படத்தில் இருக்கிறது. 2 அதற்கு வெளியே இருப்பதால் மோதாது. அதே கையோடு மெயின் ரவுட்டரில் பிரின்டரின் மேக்குக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

புள்ளிக்கோட்டுக்கு வருகிறேன். அந்தக் கேபிள் உண்மையில் இரு முனையிலும் செருகியிருந்தால் மெயின் ரவுட்டர், ஸ்விட்ச், பழைய ரவுட்டர், மறுபடி மெயின் ரவுட்டர் என்று வளையம் மூடிக்கொள்ளும். சாதாரண ஸ்விட்சுக்கு வளையத்தை உடைக்கத் தெரியாது. எல்லாருக்கும் என்று அனுப்பிய ஒரு செய்தி நிற்காமல் சுற்றிப் பெருகி, எல்லாப் போர்ட் விளக்கும் ஒன்றாகப் படபடவென்று அடித்து, லேப்டாப் உட்பட மொத்த நெட்வொர்க்கும் சில வினாடியில் படுத்துவிடும். உங்களுக்கு அப்படி நடக்கவில்லை, எனவே ஒரு முனை இப்போது கழன்றுதான் இருக்கிறது. அது தொங்கிக்கொண்டிருந்தால் யாராவது நல்லெண்ணத்தில் செருகிவிடுவார்கள். ஒன்று எடுத்துவிடுங்கள், அல்லது முனையில் "செருகாதே" என்று டேப் ஒட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் கால் அறுந்து, `arp` காட்டும் எண் மாறாமலே இருந்தால்தான் 18 மீட்டர் கேபிளின் முறை. நீளம் பிரச்சினையே இல்லை, 100 மீட்டர் வரை தாங்கும். கோட்டின் நடுவில் நீங்கள் போட்ட சிறிய வட்டம் இரண்டு கேபிளைச் சேர்க்கும் ஜாயின்டர் என்றால் முதலில் அதைப் பாருங்கள். இரண்டு பிளக்கும் க்ளிக் என்று பூட்டியிருக்க வேண்டும். அடுத்து கதவு நிலைப்படி: உறை நசுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். `ping -t 192.168.1.1` ஓடவிட்டு, கதவைத் திறந்து மூடி, ஜாயின்டரை லேசாக அசையுங்கள். `Request timed out` எந்த அசைவில் வருகிறதோ அங்கேதான் பழுது. இந்தச் சோதனையின்போது பழைய ரவுட்டர் கழற்றியிருக்கட்டும். மாற்றுவதானால் ஜாயின்டர் இல்லாமல் ஒரே நீளமாக, 20 மீட்டராக வாங்குங்கள்.

உங்கள் படத்தில் ஒன்று இல்லை: மின்சாரம். ஸ்விட்சின் அடாப்டர் எந்த எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, அதே எக்ஸ்டென்ஷனில் லேசர் பிரின்டரும் இருக்கிறதா என்று எழுதி அனுப்புங்கள். லேசர் பிரின்டர் சூடேறும்போது இழுக்கும் மின்சாரத்தில் தளர்ந்த எக்ஸ்டென்ஷனின் வோல்டேஜ் இறங்கி ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகலாம். அப்படியானால் கால் அறும் நொடியில் ஸ்விட்சின் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து எரியும். அடுத்த முறை அறுந்தால் முதலில் ஸ்விட்சைப் பாருங்கள், பிறகு `arp` அடியுங்கள்.