முதல் ஆணி

வியாழன்

விடிய முதலே பால் காய்ச்சியாயிற்று. புதுப் பானை, புது அடுப்பு. பால் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததும் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். வெறும் குசினி. அங்கே எங்கள் இரண்டு பேரின் மூச்சுச் சத்தம்கூடத் திரும்பி வந்தது.

பத்தொன்பது வருடத்தில் ஐந்து அனெக்ஸ். கொட்டாஞ்சேனையில் ஒன்று, தெஹிவளையில் இரண்டு, மிச்சம் வெள்ளவத்தைக்குள்ளேயே. ஆறாவதாக, மூன்றாம் மாடியில், கடற்கரைப் பக்கம் பார்த்த இந்தச் சின்ன ஃபிளாட். வங்கிக் கடன் முடிய இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது. ஆனாலும் உறுதியில் என் பெயர் இருக்கிறது.

லிஃப்ட் இல்லை. பன்னிரண்டரைக் கிலோ காஸ் சிலிண்டரை ஓட்டோக்காரத் தம்பி தோளில் தூக்கிக்கொண்டு வந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனான். நாளைக்கு அவனைக் கண்டால் கட்டாயம் ஏதாவது கொடுக்க வேண்டும்.

கட்டில் வரவில்லை. மொரட்டுவையில் ஒரு பாஸிடம் ஓடர் கொடுத்திருந்தேன். மரம் இன்னும் காயவில்லையாம், அடுத்த சனி என்கிறார். மெத்தை மட்டும் வந்தது. தும்பு மெத்தை, ஐந்தடி அகலம். பொலித்தீனை உரித்ததும் அறை முழுக்கப் புதுத் தும்பின் மணம். முதலில் ஒரு பாய், அதற்கு மேல் மெத்தை.

“நான் பாயிலை படுக்கிறன், நீ மெத்தையிலை படு பிள்ளை.”

“இரண்டு பேருக்கும் காணும், அம்மா. வாங்கோ.”

வந்து படுத்தார்.

வெள்ளி

காது நிலத்துக்குக் கிட்ட இருந்தால் கட்டடமே பேசுகிறது. கீழ் வீட்டில் யாரோ கதிரையை இழுக்கிறார்கள். குழாயில் தண்ணீர் ஏறுகிறது. கரையோரப் பாதையில் ரயில் வரும்போது சத்தத்துக்கு முன்னரே ஒரு சின்ன நடுக்கம் முதுகுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகுதான் தடதடப்பு. அது அடங்கியதும் கடல். பத்து வருடமாக இதே வெள்ளவத்தையில் இருந்தும் இரவில் கடலைக் கேட்டதில்லை. முன்னைய வீடுகள் எல்லாம் காலி வீதிக்கு மற்றப் பக்கம்.

காலையில் சூன் பாண் வண்டி வந்தது. மூன்று மாடி இறங்கி ஓடி இரண்டு மாலு பணிஸ் வாங்கினேன். மேசை இல்லை என்பதால் மெத்தை வந்த மட்டையை விரித்து, அதில் வைத்துச் சாப்பிட்டோம். கேத்திலின் பிளக் உருண்டைக் கால், சுவரில் இருப்பதோ சதுரக் கால். பாலைப் போலவே தேத்தண்ணியும் அடுப்பில்தான்.

சனி

நுளம்பு. ஜன்னலுக்கு வலை அடித்தால்தான் கடற்காற்றோடு தூங்கலாம். அதற்கு ஆள் வர நாளாகும். டெங்கு இந்த ஊரில் விளையாட்டு இல்லை. பெட்டியைக் கிளறி எங்கள் பழைய நுளம்பு வலையை எடுத்தேன். நான்கு மூலைக்கும் நான்கு வளையம். இரண்டு மூலையை ஜன்னல் கம்பியில் கட்டினேன். மற்ற இரண்டுக்கும்?

கட்டிலில் என்றால் தடி கட்டியிருப்போம். ஒரு மூலையைக் கதவுக் கைபிடியில் கட்டினேன். கடைசியை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மூன்று சூட்கேஸில் செருகினேன். இரவு நடுவில் அது கழன்று அம்மாவின் முகத்தில் விழுந்தது. அவர் என்னை எழுப்பவில்லை. விடியப் பார்க்கும்போது ஒரு கையால் வலையைத் தூக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு

எழும்புவதுதான் அம்மாவுக்குக் கஷ்டம். இன்று பக்கத்தில் இருந்து பார்த்தேன். முதலில் சுவர்ப் பக்கம் ஒருக்களிக்கிறார். வலது கையை மெத்தையில் ஊன்றுகிறார். மெத்தை அமுங்குகிறது, கை நழுவுகிறது. பிறகு முழங்காலில் நின்று சூட்கேஸின் விளிம்பைப் பிடிக்கிறார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறார், மூச்சு வாங்க. கை கொடுக்கப் போனால் “விடு, எனக்குப் பழக்கம்” என்கிறார்.

பழக்கம்தான். 95 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட இரவு எனக்கு ஆறு வயது. மழை, சேறு, நாவற்குழிப் பாலத்தில் கால் வைக்க இடமில்லாத சனம். கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் சேலையை விரித்து என்னைக் கிடத்தினார். தான் சுவரில் சாய்ந்திருந்தார். அம்மா நிலத்தில் படுப்பது எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் முழங்கால் மட்டும் இல்லை.

பாஸுக்கு மீண்டும் போன் எடுத்தேன். சனி, சனி என்கிறார்.

மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தபோது அடிப்பக்கம் ஈரம். நாங்கள் படுத்த சூடும் குளிர்ந்த டைல்ஸும் சேர்ந்து வியர்த்திருக்கிறது. பாயும் நனைந்து போயிற்று. இனி ஒவ்வொரு காலையும் தூக்கி நிமிர்த்தி, ஃபேனைப் போட்டுக் காயவிட வேண்டும். விட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

திங்கள்

வேலை. சம்பளக் கணக்கு. வரும்போது காலி வீதியில் ஆணியும் சுத்தியலும் வாங்கினேன்.

செவ்வாய்

ஒரு ஆணியும் ஏறவில்லை. முதலாவது வளைந்தது. இரண்டாவது தெறித்து ஓடியது. சுவரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது, அவ்வளவுதான். அம்மா பின்னால் நின்று “மெல்ல, மெல்ல, சுவர் பழுதாப் போகும்” என்று பதறினார். அப்போதுதான் விளங்கியது. ஐந்து அனெக்ஸிலும் முதல் நாளே சொல்வார்கள்: ஆணி அடிக்கக் கூடாது. அப்பாவின் படம் பத்தொன்பது வருடமும் மேசையில்தான் சாய்ந்திருந்தது. கலண்டரைக் கம்பியில் கோத்து அலுமாரிக் கைபிடியில் தொங்கவிடுவோம். அம்மாவின் உடம்பில் அந்தப் பயம் ஏறிவிட்டது.

“அம்மா, இது எங்கட சுவர்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. உதிர்ந்த சுண்ணாம்பைக் கையால் கூட்டி எடுத்தார்.

புதன்

சுத்தியல் சத்தம் கேட்டு எதிர் வீட்டுச் சிங்கள அண்ணர் இன்று ட்ரில்லோடு வந்து கதவைத் தட்டினார். கொங்கிரீட் தூணில் ஆணி போகாது, துளை போட்டுப் பிளாஸ்ரிக் பிளக் வைத்துக் கொக்கி பூட்ட வேண்டும் என்று சிங்களத்திலும் கையாலும் விளக்கினார். கடற்கரை வீடு, சாதாரண இரும்பு கறள் பிடிக்கும் என்று துருப்பிடிக்காத கொக்கியும் தானே கொண்டு வந்திருந்தார்.

சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“அம்மே, மெதன ஹரித?”

இங்கே சரியா என்று அம்மாவைக் கேட்கிறார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் பதில் வரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கிட்டப் போனார். புள்ளிக்கு மேலே விரலை வைத்தார், இறக்கினார், இரண்டு விரற்கடை வலப்பக்கம் நகர்த்தினார்.

“ஹரி. மெதன.”

ட்ரில் இறங்கியது. சிமெந்துத் தூள் அம்மாவின் காலில் வெள்ளையாகக் கொட்டியது. அவர் காலை எடுக்கவில்லை.

வலைக்கு இரண்டு கொக்கி பூட்டியாயிற்று. மூன்றாவது ஒன்று மிஞ்சியது. அதை நானே அப்பாவின் படத்துக்கு என்று நினைத்து வைத்திருந்தேன். அம்மா அதை என் கையில் இருந்து வாங்கி, அண்ணரை மெத்தைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், தன் தலைமாட்டுச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு இடம் காட்டினார்.

“அது என்னத்துக்கம்மா, அவ்வளவு பதிவா?”

“எழும்பேக்கை பிடிக்க.”

பெரிய கொக்கியாக வேண்டும் என்று அண்ணர் திரும்பிப் போய் ஒரு கைபிடியே எடுத்து வந்தார், பழைய குளியலறையில் கழற்றியதாம். நான்கு துளை. பூட்டி முடித்ததும் தன் முழு எடையையும் போட்டு இழுத்துக் காட்டினார்.

இரவு பத்தரை. வலை நான்கு மூலையிலும் இறுக்கமாக நிற்கிறது. அம்மா தண்ணீர் குடிக்க என்று இப்போதுதான் இரண்டாம் தடவையாக எழும்பிப் போகிறார். அவருக்குத் தாகமில்லை என்று எனக்குத் தெரியும். அப்பாவின் படத்துக்கு நாளை அந்த மிஞ்சிய கொக்கியைப் பூட்ட வேண்டும்.