பழைய அறிக்கைகளும் மூலத் தரவும்: எதை வைப்பது, எதை அழிப்பது

நாகை, வேதாரண்யம் பகுதிக் கிணற்று நீர் அளவீட்டுக் குழுவினருக்கு:

களத்தில் எடுத்த மூல அளவை எக்காலத்துக்கும் அழிக்கக் கூடாது. 2018 கஜா புயலுக்கு முன்னும் பின்னும் எடுத்த உப்பு அளவை இனி யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அறிக்கையை மறுபடி எழுதிக்கொள்ளலாம். ஸ்கேன் செய்த பிறகும் களக் குறிப்பேடுகள் இருக்கட்டும். ஓரத்தில் பென்சிலில் "பக்கத்து மோட்டார் ஓடுது" என்று எழுதியிருப்பதுதான் அன்றைய நீர்மட்டம் ஏன் இறங்கியது என்பதற்கு ஒரே சாட்சி.

இறுதி அறிக்கையும் அதன் கணக்குத் தாளும் நிரந்தரம். மாத அறிக்கைகள் 5 ஆண்டு. `final_2`, `final_new` போன்ற வரைவுகளை, இறுதி அறிக்கை கையெழுத்தாகி 6 மாதம் கழிந்தபின் அழித்துவிடலாம். வரைபடப் படங்களும் அப்படியே.

விவசாயிகளின் கைபேசி எண்களை 2 ஆண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை.

வழக்கோ தகவல் உரிமை மனுவோ நிலுவையில் இருந்தால், தொடர்புடைய கோப்பு எதையும் தொடக் கூடாது.

அழிக்கும் வேலை ஆண்டுக்கு ஒருமுறை, மேட்டூர் திறக்கும் முன், மே மாதத்தில். பட்டியலில் இருவர் கையெழுத்து வேண்டும். அப்புறம், காப்பு வட்டு தஞ்சாவூர் அலுவலக மாடியில் இருக்கும். நாகையில் தரைத்தளத்தில் வேண்டாம்.