மரவள்ளி, ஜவ்வரிசி, அதற்கு இடையில் இருக்கும் மனிதர்கள்: சேலத்திலிருந்து எழுதும் பத்திரிகையாளர்

மரவள்ளிக் கிழங்கு வயலிலிருந்து சேகோ ஆலைக்குப் போய், ஜவ்வரிசியாகிச் சந்தைக்கு வரும் வரை நடப்பதைப் பற்றி எழுதுகிறேன். ஆத்தூர், ஏத்தாப்பூர், ராசிபுரம் பக்கத்து வயல்களும் சேலத்து ஆலைகளும்தான் என் களம்.

இந்தத் தொழிலின் முக்கியமான நிமிடம் ஆலை வாசலில் இருக்கிறது. லோடு வந்து நின்றதும் கொஞ்சம் கிழங்கை எடுத்து எடை போடுகிறார்கள். பிறகு அதைத் தண்ணீருக்குள் முக்கி மறுபடி எடை பார்க்கிறார்கள். மாவுச்சத்து கூடுதலாக இருந்தால் கிழங்கின் அடர்த்தியும் கூடும், தண்ணீருக்குள் எடை அதிகம் காட்டும். அதை வைத்துப் பாயிண்ட் சொல்கிறார்கள், பாயிண்டை வைத்து விலை. பத்து மாத உழைப்புக்கு அங்கே சில நிமிடத்தில் விலை முடிவாகிவிடுகிறது. முந்தின வாரம் மழை பெய்திருந்தால் பாயிண்ட் இறங்கும் என்ற கவலையோடு விவசாயி பக்கத்தில் நிற்பார். அவர் முகத்தையும் தராசின் முள்ளையும் சேர்த்துப் பார்த்து எழுதத் தெரிந்தவர்கள் நம் பத்திரிகைகளில் இன்னும் கூடுதலாக வேண்டும்.

என் பெயரில் வந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன். 'பாயிண்ட் யார் கையில்?' ஒரு வேளாண் மாத இதழின் அட்டைக் கட்டுரை. 'பூச்சியைத் தின்னும் குளவி' ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்தது. மரவள்ளியை அழித்த மாவுப்பூச்சியை அடக்க ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவியை 2022-ல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்ட கதை அது. 'நோன்புக்குப் போகும் மூட்டை', இங்கே காயும் ஜவ்வரிசி மகாராஷ்டிரத்தில் விரத நாள் கிச்சடியாவதைப் பற்றியது. மூன்றின் பிரதிகளையும், வெளிவந்த இதழ், தேதி விவரத்தோடு கேட்டவுடன் அனுப்புகிறேன்.

இப்போது கையில் இருப்பவை: சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு ஆலைக்காரருக்கும் விவசாயிக்கும் என்ன மாறியது என்ற நீள்கட்டுரை, காயவைக்கும் களத்தில் வெயிலில் வேலை செய்யும் பெண்களின் கூலியும் உடம்பும் பற்றிய நேரடி ரிப்போர்ட். இரண்டாவதைத்தான் முதலில் எழுத ஆசை. அந்தப் பெண்கள் பலர் என்னிடம் பேசச் சம்மதித்திருக்கிறார்கள்.

1,500 சொற்கள் வரையிலான கட்டுரைக்குப் பத்து நாள் போதும். படங்கள் நானே எடுப்பேன். விலை, விளைச்சல் கணக்கு எதையும் விவசாயி, ஆலை, சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் என்று குறைந்தது இரண்டு பக்கம் கேட்காமல் எழுதுவதில்லை. ஆலைகளின் விளம்பரக் கட்டுரைகளை ஏற்பதில்லை. அதை எழுதினால் வாசலில் நிற்கும் விவசாயி அப்புறம் என்னிடம் பேசமாட்டார்.

தலைப்பு, சொல் அளவு, சன்மானம், கெடு நாள் நான்கையும் எழுதி அனுப்புங்கள். இரண்டு நாளைக்குள் பதில் தருகிறேன்.